திகதி மாறியது யாரால்?



சென்ற மாதச் சந்திப்புக்கு வந்த ஓர் அக்கா தனது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, இதில நான் என்ன பிழை எழுதிப்போட்டன்? ஒரே மாதத்தில ரெண்டு பேர் கோவிச்சுக்கொண்டு நிக்கினம்" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அவர் ஒரே செய்தியைத்தான் அனுப்பியிருந்தார்: "சில தவிர்க்க முடியாத காரணங்களால் திகதி மாற்றப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

இந்த வசனம் நமக்கு எவ்வளவு பழக்கமானது! அலுவலகங்களின் அறிவித்தல் பலகையில் எத்தனை தடவை வாசித்திருக்கிறோம். காலை ஆறு மணிக்குப் பிள்ளையை அயல்வீட்டில் விட்டு, பஸ் ஏறி, வாசலில் போய் நின்ற பிறகு, கதவில் ஒட்டியிருக்கும் தாளில் இந்த வசனம் இருக்கும். காரணம் அவர்களுடையதா வேறு யாருடையதா என்று அதில் இருக்காது. நமது பஸ் காசைப் பற்றியும் ஒரு சொல் இருக்காது. திரும்பவும் ஒருநாள் நாம்தான் பஸ் ஏறுவோம். அந்த வசனத்தைத்தான் அக்கா மரியாதையான வசனம் என்று நினைத்துப் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

அக்கா கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறார். கணவர் 2009 முதல் காணாமல் போனவர். பலகாரம் சுட்டு விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளைப் பார்க்கிறார். உள்ளூர்க் கடைகளுக்குக் கொடுப்பதோடு, கொழும்புக்கும் ஓடர் எடுக்கிறார். இரவு பஸ்சில் பொதியை ஏற்றி நடத்துநரிடம் கூலி கொடுத்தால், விடிய வெள்ளவத்தையில் இறக்குவார். வாங்குபவர் அங்கு வந்து எடுத்துக்கொள்வார். உங்களில் பலர் இப்படித்தான் மிளகாய்த்தூள், ஒடியல் மா, தைத்த உடுப்பு என்று அனுப்புகிறீர்கள். ஆகவே அக்காவின் இரண்டு ஓடரையும் அவருடைய சம்மதத்தோடு இங்கே விரிவாக எழுதுகிறேன். ஒன்றில் திகதி மாறியது அனுப்புகிற அக்காவின் பிழையால். மற்றதில் மாறியது வாங்குகிறவர்கள் கேட்டதால். இரண்டுக்கும் ஒரே வசனம் பொருந்தாது. இரண்டிலும் காசு ஒரே பக்கம் விழுவதுமில்லை.

முதலாவது ஓடர்: 16 ஆ, 19 ஆ?

வெள்ளவத்தையில் ஒரு கடைக்காரர் 10 கிலோ பலகாரம் கேட்டிருந்தார். முறுக்கு 6 கிலோ, பயற்றம் உருண்டை 4 கிலோ. "16 ஆம் திகதி வெள்ளி காலை" என்று தெளிவாகச் செய்தியும் அனுப்பியிருந்தார். அக்கா அதைப் பார்த்துத் தனது கொப்பியில் எழுதும்போது 19 என்று எழுதிவிட்டார். ஆறும் ஒன்பதும் அவசரத்தில் மாறுகிற இலக்கங்கள்தான்.

வியாழன் மத்தியானம் கடைக்காரர் அழைத்து, "இரவு எந்த பஸ்சில ஏத்துறீங்கள்?" என்று கேட்டபோதுதான் அக்காவுக்கு விளங்கியது. அடுப்பில் ஒன்றும் இல்லை. மா கூட வறுக்கவில்லை. பயத்தில், "ஏத்தப் பாக்கிறன் அண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டார். கடைக்காரர் அதை நம்பி வெள்ளி அதிகாலை ஓட்டோ பிடித்துப் போய் பஸ்சுக்குக் காத்து நின்றார். ஓட்டோக் கூலி 800 ரூபா. பொதி வரவில்லை. கேட்டபோது, "நடத்துநர் இடமில்லை எண்டு சொல்லிட்டார்" என்றார் அக்கா. கடைக்காரர் அந்த நடத்துநரையே கேட்டார். "அப்படி ஒரு பொதியும் ஒருத்தரும் கொண்டு வரேல்லையே" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அக்கா அந்தத் "தவிர்க்க முடியாத காரணங்கள்" செய்தியை அனுப்பினார். இனி ஓடர் தரமாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

சந்திப்பில் நாங்கள் இதைக் கணக்காகப் பார்த்தோம். வியாழன் மத்தியானம் அக்கா உண்மையைச் சொல்லியிருந்தால் கடைக்காரருக்கு எத்தனை ரூபா நட்டம் வந்திருக்கும்? ஒரு ரூபாவும் இல்லை. அவர் ஓட்டோ பிடித்திருக்க மாட்டார். கொப்பியில் இலக்கம் மாறியதால் அந்த 800 ரூபா போகவில்லை. மத்தியானத்திலிருந்து மறுநாள் காலை வரை சொல்லாமல் இருந்ததால்தான் போனது. பிழை நடந்துவிட்டால் அது தெரிந்த நிமிடத்திலேயே சொல்லவேண்டும் என்பது இதனால்தான். அடுத்தவர் நம்மை நம்பிக் காசு செலவழிக்க முன்னர் நமது செய்தி அவரிடம் போய்ச் சேரவேண்டும்.

அடுத்த கேள்வி, அக்கா எதைப் பொறுக்கவேண்டும் என்பது. ஒரு சகோதரி, "பஸ் கூலியையும் அக்காதான் குடுக்கவேணும்" என்றார். வழக்கமாகப் பஸ் கூலி கடைக்காரருடையது. யோசித்துப் பாருங்கள். திகதி மாறினாலும் பொதி ஒரு தடவைதானே போகப்போகிறது? வெள்ளி போனாலும் ஞாயிறு போனாலும் ஒரே கூலிதான். அது திகதி மாறியதால் வந்த செலவு அல்ல. பிழை விட்டவர் பொறுக்கவேண்டியது, அந்தப் பிழையால் மேலதிகமாக வந்த செலவை மட்டும். அது இங்கே 800 ரூபா. பயத்தில் அதைவிடக் கூடப் பொறுக்கத் தேவையில்லை. அதில் குறைக்கவும் கூடாது.

அக்கா அன்றே கடைக்காரருக்கு ஒரு புதிய செய்தி எழுதினார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து திருத்தியது இது:

"அண்ணா, வணக்கம். நீங்கள் 16 ஆம் திகதி என்று சரியாகத்தான் அனுப்பியிருந்தீர்கள். நான்தான் கொப்பியில் 19 என்று பிழையாக எழுதிவிட்டேன். நடத்துநர் இடமில்லை என்று சொன்னதாக நான் சொன்னது உண்மையில்லை. பயத்தில் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். 10 கிலோவையும் சனி இரவு பஸ்சில் ஏற்றினால் ஞாயிறு 18 ஆம் திகதி காலை வெள்ளவத்தையில் கிடைக்கும். ஏற்றியவுடன் பஸ் இலக்கத்தை அனுப்புவேன். வெள்ளிக்கிழமை நீங்கள் ஓட்டோவுக்குக் கொடுத்த 800 ரூபாவை என் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு உங்களுக்குச் சரிவராது என்றால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள். முற்பணத்தை முழுதாகத் திருப்பி அனுப்புகிறேன்."

இதில் முதலாவதாக அவர் பக்கம் பிழையில்லை என்று சொல்லியிருக்கிறது. பிறகு யார் பிழை, என்ன பிழை என்று ஒரே வசனத்தில் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், மின்சாரம் இல்லை என்று நீட்டவில்லை. அடுத்தது புதிய திகதி, கிழமையோடும் இலக்கத்தோடும். அதன்பிறகு காசு: எது, எவ்வளவு, எப்படிக் கழிப்பது. கடைசியாக அவருக்கு ஒரு தெரிவு. பிழை நம்முடையது என்றால் புதிய திகதியை ஏற்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆகவே முற்பணத்தைத் திருப்பித் தருவதை நாம்தான் முதலில் சொல்லவேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

இன்னொரு விடயம். முதலில் ஒரு தங்கை, "உங்களுக்கு வசதியான ஒரு நாளைச் சொல்லுங்கோ எண்டு எழுதுவமே, அது பணிவாய் இருக்கும்" என்றார். பணிவாகத்தான் இருக்கும். ஆனால் அதை வாசித்தால் நாளை மாற்றச் சொல்லி வாங்குபவர் கேட்டதுபோல் இருக்கும். நமது பிழையை அவருடைய வசதிபோல மாற்றி எழுதுவது அது. கடைக்காரர் அதைக் கண்டுபிடிக்காமல் இருக்கமாட்டார்.

கடைக்காரர் 8 கிலோ மட்டும் அனுப்பச் சொன்னார். இரண்டு கிலோ கேட்டிருந்த ஒருவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டாராம். அந்த இரண்டு கிலோவின் இலாபம் அக்காவுக்கு இல்லாமல் போனது. அதுவும் அவருடைய பிழையின் கணக்கில்தான் வரும். ஆனால் அடுத்த மாத ஓடர் வந்தது.

இரண்டாவது ஓடர்: அவர்கள் கேட்டதால் மாறியது

கொழும்பில் உள்ள ஒரு குடும்பம் மகளின் சாமத்திய வீட்டுக்குப் பலகாரம் கேட்டிருந்தது. மொத்தம் 18,000 ரூபா. முற்பணமாக 8,000 ரூபா அனுப்பியிருந்தார்கள். ஞாயிறு விழா. சனி இரவு பொதி ஏற்றவேண்டும். வெள்ளி மாலை தாயார் அழைத்து, குடும்பத்தில் ஒரு மரணம் நடந்துவிட்டது, விழாவை அடுத்த மாதத்துக்குப் பிற்போடுகிறோம் என்றார்.

துயரமான செய்தி. அக்கா அழுதுவிட்டார். "அதுக்கென்ன அம்மா, பரவாயில்லை. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொன்னார். பிறகு அதே "தவிர்க்க முடியாத காரணங்கள்" செய்தியையும் அனுப்பினார். வருந்துகிறோம் என்றும் எழுதியிருந்தது.

ஒரு கிழமை கழித்து அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் அழைத்தார். மரண வீட்டு அலைச்சலில் அவருக்கு முழு விபரமும் தெரியாது. தாயாரின் தொலைபேசியில் இருந்த செய்தியைத்தான் பார்த்திருக்கிறார். "நீங்கள்தானே திகதியை மாத்தினது? அப்ப 8,000 ஐயும் திருப்பி அனுப்புங்கோ" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த எழுத்து அப்படித்தான் சொன்னது. செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்டதால், அந்தப் பிழை அக்காவின் பெயரில் எழுதப்பட்டுவிட்டது.

இதைச் சொல்லும்போது எனக்கு நம் எல்லோரையும் பற்றியே நினைவு வருகிறது. எத்தனை வருடங்களாக எத்தனை மேசைகளுக்கு முன்னால் நின்று நாம் மன்னிப்புக் கேட்டிருக்கிறோம். தாள் குறைந்தாலும் மன்னிப்பு, அதிகாரி வராவிட்டாலும் மன்னிப்பு. அது வாயில் ஊறிவிட்டது. ஆனால் வியாபாரத்தில் மன்னிப்பு என்பது பிழையை ஏற்றுக்கொள்வது. மரணம் நடந்த வீட்டுக்கு நாம் சொல்லவேண்டியது அனுதாபம். அனுதாபம் வேறு, மன்னிப்பு வேறு. "உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன்" என்று எழுதினால் போதும்.

சரி, இங்கே நட்டம் எவ்வளவு? வெள்ளி மாலை அக்காவின் வீட்டில் என்ன இருந்தது என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முறுக்கு 6 கிலோ சுட்டு முடிந்திருந்தது. இறுக்கமான தகரத்தில் வைத்தாலும் ஒரு மாதம் கழித்து விழாவுக்குக் கொடுக்கமுடியாது. எண்ணெய் காறி மணம் மாறிவிடும். ஆகவே அக்கா அதை உள்ளூர்க் கடைகளுக்குக் கொடுத்தார். கிலோ 1,200 ரூபாவுக்குப் பேசியது 900 ரூபாவுக்குத்தான் போனது. 7,200 வரவேண்டிய இடத்தில் 5,400 வந்தது. குறைவு 1,800 ரூபா.

சீனி அரியதரத்துக்கு மாவும் பாகும் சேர்த்துக் குழைத்து வைத்திருந்தார். அதுவும் ஒரு மாதம் இராது. சனிக்கிழமை சுட்டு அயலில் விற்றார். 4,500 ரூபா பெறுமதியானது 3,300 ரூபாவுக்குப் போனது. குறைவு 1,200 ரூபா.

எள்ளும் சர்க்கரையும் பை பிரிக்காமல் இருந்தன. அவை அடுத்த மாதத்துக்கும் உதவும். அதில் நட்டம் இல்லை.

ஆக, அவர்கள் திகதியை மாற்றியதால் அக்காவுக்கு வந்த உண்மையான நட்டம் 3,000 ரூபா. முழு 18,000 இல்லை. முற்பணம் 8,000 முழுவதையும் வைத்துக்கொள்ளவும் நியாயமில்லை. அதேநேரம் அந்த 3,000 ஐ அக்கா தன் தலையில் போட்டுக்கொள்ளவும் நியாயமில்லை. அந்தக் கிழமைக் கடன் தவணைக்கு அவர் நம்பியிருந்த காசு அது. அவர் பேசாமல் விட்டால், கொழும்பில் தள்ளிப்போன ஒரு விழாவின் செலவைக் கிளிநொச்சியில் கடன் எடுத்த ஒரு பெண் கட்டுகிறாள் என்பதே அதன் பொருள்.

இங்கே கவனிக்கவேண்டியது, அவர்கள் எப்போது சொன்னார்கள் என்பது. இதே தாயார் பத்து நாளுக்கு முன்னர் அழைத்திருந்தால் அக்கா ஒன்றும் வாங்கியிருக்க மாட்டார். அப்போது கேட்பதற்கு ஒரு சதமும் இல்லை. "சொன்னதுக்கு நன்றி, புதுத் திகதியைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்" என்பதோடு முடிந்திருக்கும். சாமான் வாங்கிய பிறகு சொன்னால், திரும்பப் பாவிக்க முடியாத சாமானின் விலை மட்டும். சுட்டு முடிந்த பிறகு சொன்னால், பேசிய விலைக்கும் விற்றுப் பெற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம். பொதியை பஸ்சில் ஏற்றிய பிறகு சொன்னால், அதோடு பஸ் கூலியும். வாங்குபவர் பிந்திச் சொல்லச் சொல்ல அவருடைய பங்கு கூடுகிறது. தையல் செய்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். துணி வெட்ட முன்னரா, வெட்டிய பிறகா என்று பாருங்கள்.

அக்கா மூத்த மகனுக்கு அனுப்பிய செய்தி இது:

"தம்பி, உங்கள் குடும்பத்தின் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன். வெள்ளி மாலை 5 மணியளவில் அம்மா தொலைபேசியில் கேட்டதால்தான் திகதியைப் பிற்போட்டேன். என் முதல் செய்தி அதைச் சரியாகச் சொல்லவில்லை. அந்த நேரம் முறுக்கு சுட்டு முடிந்து, அரியதரத்துக்கு மா குழைத்திருந்தது. அவற்றை இங்கே குறைந்த விலைக்கு விற்றதில் 3,000 ரூபா குறைந்தது. எள்ளும் சர்க்கரையும் அப்படியே இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மரண வீட்டை நினைத்து 3,000 இல் 1,000 ரூபாவை நான் பொறுக்கிறேன். 2,000 ஐக் கழித்து முற்பணத்தில் மீதி 6,000 ரூபா உங்கள் கணக்கில் இருக்கிறது. புதிய திகதி முடிவானதும் சொல்லுங்கள். அன்றைய சாமான் விலைக்கு ஏற்ப விலையைத் திரும்பப் பேசுவோம். ஓடர் வேண்டாம் என்றால் 6,000 ரூபாவைத் திருப்பி அனுப்புகிறேன்."

ஆயிரம் ரூபாவை விட்டுக்கொடுத்தது அக்காவின் விருப்பம். விட்டுக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் எவ்வளவை விடுகிறோம் என்று சொல்லி விடவேண்டும். முதலில் முழு நட்டத்தையும் எழுதி, பிறகு அதில் இவ்வளவை நான் பொறுக்கிறேன் என்றால் அது உதவி. ஒன்றும் சொல்லாமல் "பரவாயில்லை" என்றால், நட்டமே வரவில்லை என்றுதான் அடுத்தவர் நினைப்பார். அடுத்த தடவையும் வெள்ளி மாலையில்தான் அழைப்பார்.

தம்பி அன்றிரவே அழைத்தார். தனக்குத் தெரியாமல் கேட்டுவிட்டதாகச் சொன்னார். 6,000 ரூபாவை அக்காவிடமே வைத்திருக்கச் சொல்லிவிட்டார்.

இரண்டிலும் சேராதவை

சில நேரம் பிழை ஒரு பக்கமாக இருக்காது. புதன்கிழமை ஒருவர் "வாற வெள்ளி" என்கிறார். அவர் நினைப்பது நாளை மறுநாள். நாம் நினைப்பது அதற்கடுத்த கிழமை. இதில் யார் பிழை என்று அடித்துச் சொல்லமுடியாது. சொன்னவரும் திகதி சொல்லவில்லை, கேட்டவரும் திருப்பிக் கேட்கவில்லை. மேலதிகச் செலவைப் பாதி பாதியாகப் பிரிப்பதே நல்லது. அடுத்த தடவையிலிருந்து "வெள்ளி, 16 ஆம் திகதி" என்று கிழமையையும் இலக்கத்தையும் சேர்த்து எழுதி, சரிதானா என்று கேளுங்கள். கிழமையும் இலக்கமும் பொருந்தாவிட்டால் அப்போதே பிழை தெரிந்துவிடும். அக்கா "19 வெள்ளி" என்று எழுதியிருந்தால் கலண்டரைப் பார்த்தவுடன் பிடித்திருப்பார், ஏனென்றால் 19 திங்கட்கிழமை.

வெள்ளத்தாலோ வேலைநிறுத்தத்தாலோ பஸ் ஓடாவிட்டால் அது இருவர் பிழையும் அல்ல. அப்போது அவரவர் செலவு அவரவருக்கு என்று பேசிக்கொள்ளலாம். ஆனால் பஸ் உண்மையாகவே ஓடாதபோது மட்டும்தான் அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள்.

சட்டமும் இந்த நியாயத்துக்குத் தூரமாக இல்லை. நமது நாட்டில் பொருள் விற்பனைக்கு 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பேசியபடி பொருளைக் கொடுக்காத விற்பவரிடம் வாங்குபவர் நட்டஈடு கேட்கலாம். விற்பவர் கொடுக்க ஆயத்தமாக இருந்து எடுக்கச் சொல்லியும் வாங்குபவர் நியாயமான காலத்துக்குள் எடுக்காவிட்டால், அதனால் வந்த நட்டத்தையும் பொருளைப் பாதுகாத்து வைத்த செலவையும் விற்பவர் கேட்கலாம். இரண்டு பக்கத்துக்கும் கடமை இருக்கிறது. மூவாயிரம் ரூபாவுக்கு நீதிமன்றம் போவதில்லை. பேசித் தீராவிட்டால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சபை அது. அங்கே சட்டத்தரணி வைத்துப் பேசத் தேவையில்லை. ஆனால் யார் எப்போது மாற்றச் சொன்னார் என்பதை நீங்கள் காட்டவேண்டும். தொலைபேசியில் பேசியதைக் காட்டமுடியாது. ஆகவே அழைப்பு முடிந்தவுடன், "நீங்கள் இப்போது கேட்டபடி திகதியை மாற்றியிருக்கிறேன்" என்று ஒரு வரியை அனுப்பி வையுங்கள். அது சண்டைக்காக அல்ல. நாளைக்கு அந்த மூத்த மகனைப்போல வேறொருவர் அந்தத் தொலைபேசியைப் பார்க்கும்போது உண்மை அதில் இருக்கவேண்டும் என்பதற்காக.

எல்லாவற்றையும்விட இலகுவானது, ஓடர் எடுக்கும்போதே பேசிவைப்பது. இப்போது அக்கா ஒவ்வொரு ஓடருக்கும் முற்பணம் கிடைத்ததும் இதை அனுப்புகிறார்: "திகதி மாற்றுவதென்றால் ஐந்து நாளுக்கு முன்னர் சொல்லுங்கள், செலவில்லை. அதன்பிறகு மாற்றினால் அதுவரை செய்த பலகாரத்தில் வரும் நட்டம் முற்பணத்தில் கழிக்கப்படும். என் பிழையால் பிந்தினால் உங்களுக்கு வந்த மேலதிகச் செலவை நான் தருவேன்." மூன்று வசனங்கள்தான். மூன்றாவது வசனம் இருப்பதால் இரண்டாவதை வாசிக்கிறவர்கள் கோபிப்பதில்லை. உங்கள் வேலைக்கு ஐந்து நாள் கூடவோ குறையவோ இருக்கலாம். எந்த நாளில் சாமான் வாங்கத் தொடங்குகிறீர்களோ அந்த நாளைத்தான் எல்லையாக வையுங்கள்.

கொப்பியிலும் அவர் ஒரு கோடு கூடப் போட்டிருக்கிறார். பெயர், சாமான், திகதி, முற்பணம் என்று நான்கு நிரல்கள் முன்பே இருந்தன. ஐந்தாவதாக இப்போது "மாறியது யாரால்" என்று ஒரு நிரல். சென்ற கிழமை பார்த்தேன். அதில் ஓர் இடத்தில் "நான்" என்றும், இரண்டு இடத்தில் "அவை" என்றும் எழுதியிருந்தார். பக்கத்தில் சிறிய எழுத்தில் தொகையும் இருந்தது. "நான்" என்று எழுதிய இடத்தில் 250 ரூபா. "அது நான் குடுத்திட்டன் தங்கச்சி" என்றார்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.